148 போனது, 92 வரவில்லை

வயர்கார்டு டனல் வேலை செய்யாதபோது திரையில் பிழைச் செய்தி எதுவும் வராது. ஆன் செய்கிறோம், ஆன் ஆகிவிட்டதாகவே காட்டுகிறது. ஆனால் மறுமுனையில் இருக்கும் கணினியைத் தொட முடிவதில்லை. சாவி தவறு என்றோ, சர்வர் கிடைக்கவில்லை என்றோ ஒரு வரிகூட இருக்காது. `wg show` என்று கேட்டுப் பார்த்தால், எப்போதும் இருக்கும் `latest handshake` என்ற வரி காணாமல் போயிருக்கும், அல்லது அதில் பல மணி நேரத்துக்கு முந்தைய கணக்கு அப்படியே நிற்கும்.

இந்த மௌனம் குறைபாடு அல்ல, வேண்டுமென்றே வைத்தது. ஜேசன் டோனன்ஃபெல்ட் உருவாக்கிய வயர்கார்டு, 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் கர்னல் 5.6இல் இடம்பெற்றது. வீட்டிலிருந்து அலுவலகக் கணினியைப் பொது இணையத்தின் ஊடாக, இடையில் யாரும் படிக்க முடியாதபடி அடைய உதவுகிற விபிஎன் அது. அதன் அடிப்படை விதிகளில் ஒன்று, தனக்குத் தெரிந்த சாவியால் செய்யப்படாத எந்தப் பாக்கெட்டுக்கும் பதில் சொல்வதில்லை என்பது. அறிமுகமில்லாதவர் எத்தனை முறை தட்டினாலும் உள்ளே ஆள் இருப்பதாகவே காட்டிக்கொள்ளாத வீடு போன்றது அது. இணையத்தில் போர்ட் போர்ட்டாகத் தட்டிப் பார்த்துத் திரியும் நிரல்களுக்கு அங்கே ஒரு சர்வர் இருப்பதே தெரியாது. பாதுகாப்புக்கு இது பெரிய பலம். ஆனால் உரிமையுள்ளவர் ஓர் எழுத்தைத் தவறாக ஒட்டிவிட்டு வந்தாலும் அதே மௌனம்தான் கிடைக்கும். சாவி தவறு, முகவரி தவறு, வழியில் ஃபயர்வால் மறித்திருக்கிறது என்ற மூன்றும் நம் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும்.

அப்படியானால் எது தவறு என்று பிரித்தறிய வழியே இல்லையா? இருக்கிறது. அதற்கு இரண்டு எண்களைத் தெரிந்துகொண்டால் போதும்: 148, 92.

பேச்சைத் தொடங்கும் முனை, "இன்னார் வந்திருக்கிறேன், இதோ என் அத்தாட்சி" என்று ஒரு பாக்கெட் அனுப்புகிறது. அதன் அளவு எப்போதும் 148 பைட். மறுமுனைக்கு அது ஏற்புடையதானால் 92 பைட்டில் ஒரு பதில் வரும். இந்த ஒரு போக்கும் ஒரு வரவும் முடிந்தால் இரு பக்கமும் புதிய தற்காலிகச் சாவிகள் உண்டாகின்றன. இதுதான் ஹேண்ட்ஷேக். அதன் பிறகுதான் நம்முடைய தரவு போகத் தொடங்கும். பதில் வராவிட்டால் சுமார் 5 விநாடிக்கு ஒருமுறை அதே 148 மீண்டும் போகும். ஏறக்குறைய 90 விநாடி முயன்றுவிட்டு, அனுப்பப் புதிதாக ஏதும் வரும்வரை நின்றுவிடும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலர் இல்லாத நோய்க்கு மருந்து தேடுகிறார்கள். ஹேண்ட்ஷேக் பழையதாக இருப்பது மட்டும் பழுதுக்கு அடையாளம் அல்ல. வயர்கார்டில் நிரந்தரமான இணைப்பு என்று ஒன்று கிடையாது. அனுப்ப ஏதாவது இருந்தால்தான் அது பேசும். தரவு ஓடிக்கொண்டிருக்கும்போது சுமார் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஹேண்ட்ஷேக் புதுப்பிக்கப்படும். 3 நிமிடத்துக்கு மேல் பழைய சாவிகளை அது பயன்படுத்துவதில்லை. ஆனால் இரவு முழுவதும் யாரும் தொடாத டனலில் காலையில் `9 hours ago` என்று இருந்தால் அது இயல்பு. ஆகவே முதலில் மறுமுனையின் டனல் முகவரிக்கு ஒரு பிங் அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகும் அந்த நேரம் புதிதாகவில்லை என்றால்தான் தேடத் தொடங்கலாம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம். மதுரையில் ஒரு சிறிய தணிக்கையாளர் அலுவலகம். மூலையில் கணக்குகள் இருக்கும் லினக்ஸ் சர்வர் ஒன்று. உள் முகவரி 192.168.1.10, டனல் முகவரி 10.8.0.1. அலுவலகத்தின் மூத்த கணக்கர் திண்டுக்கல்லில் இருந்து மடிக்கணினி வழியாக வேலை செய்கிறார். அவருடைய டனல் முகவரி 10.8.0.2. ஐப்பசி இடி ஒன்றில் அலுவலக ரவுட்டரும் சர்வரின் டிஸ்க்கும் போய்விட்டன. புது ரவுட்டர் வந்தது, சர்வரில் எல்லாம் புதிதாக நிறுவப்பட்டது, காப்பில் இருந்த கணக்குகள் திரும்ப ஏற்றப்பட்டன. மடிக்கணினியில் யாரும் எதையும் மாற்றவில்லை. அதில் பிங் அனுப்பிவிட்டு `sudo wg show` கேட்டால், சாவி வரிகள் நீங்கலாக இவ்வளவுதான் தெரிகிறது:

```
  endpoint: 203.0.113.25:51820
  allowed ips: 10.8.0.0/24
  transfer: 0 B received, 1.45 KiB sent
```

கடைசி வரியில் நிறைய செய்தி இருக்கிறது. 1.45 கிபிபைட் என்பது 1480 பைட். அதை 148ஆல் வகுத்தால் 10. அதாவது மடிக்கணினி ஏறத்தாழ 50 விநாடியில் பத்து முறை கதவைத் தட்டியிருக்கிறது, ஒருமுறைகூடப் பதில் வரவில்லை. மடிக்கணினி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பது இதிலேயே உறுதியாகிவிட்டது. அனுப்பியதும் 0 என்று இருந்திருந்தால் கதை வேறு. அப்போது பிங்கே காரணத்தைச் சொல்லிவிடும். `Required key not available` என்று வந்தால், அந்த முகவரி எந்தப் பியரின் `AllowedIPs` வரியிலும் இல்லை. `Destination address required` என்று வந்தால் `Endpoint` வரியே இல்லை. வயர்கார்டு தன் வாயால் சொல்லும் பிழைகள் என்றால் கிட்டத்தட்ட இந்த இரண்டுதான். விண்டோஸ், ஆண்ட்ராய்டு செயலிகளிலும் அனுப்பியது, பெற்றது என்ற இந்த இரண்டு எண்களையும் பார்க்கலாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது சர்வர் பக்கம். இங்கேதான் பலர் அவசரப்பட்டு கோப்புகளைத் திறந்து சாவிகளை மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஒரு பிழை இருந்த இடத்தில் இரண்டு உண்டாகும். கையைக் கட்டிக்கொண்டு, முதலில் அந்த 148 சர்வரின் வாசல்வரை வருகிறதா என்று பார்க்க வேண்டும். அலுவலகத்தில் யாரேனும் சர்வர் முன் உட்கார்ந்து இதை ஓட்டினால் போதும்:

```
sudo tcpdump -ni eth0 udp port 51820
```

`eth0` என்பது அந்தக் கணினியின் நெட்வொர்க் கார்டின் பெயர், இடத்துக்கு இடம் மாறும். மடிக்கணினி தட்டிக்கொண்டே இருக்க, இங்கே திரை வெறுமையாக இருந்தால் பாக்கெட் வந்து சேரவே இல்லை. அந்த நிலையில் சாவிகளைப் பற்றி யோசிப்பது வீண். சாவி சரியா தவறா என்று சோதிக்கும் கட்டத்துக்கே இன்னும் வரவில்லை. மதுரையில் திரை வெறுமையாகத்தான் இருந்தது.

வந்து சேராததற்கு முதல் சந்தேகம் முகவரி மேல். `Endpoint` வரியில் உள்ள 203.0.113.25 இன்னும் அலுவலகத்தின் முகவரிதானா? சர்வரில் `curl -4 ifconfig.me` என்று கேட்டால் வெளியுலகம் அந்த அலுவலகத்தை எந்த முகவரியில் பார்க்கிறது என்று தெரியும். புது ரவுட்டருக்கு 203.0.113.61 என்ற புது முகவரி கிடைத்திருந்தது. நிலையான முகவரிக்குத் தனிக் கட்டணம் செலுத்தாத இணைப்புகளில் ரவுட்டர் அணைந்து எழும்போதெல்லாம் இப்படி நடக்கலாம்.

முகவரிக்குப் பதில் ஒரு பெயரைக் கொடுத்து, முகவரி மாறும்போது பெயர் தானாகப் புது முகவரியைக் காட்டும்படி டைனமிக் டிஎன்எஸ் வைத்திருப்பவர்களும் இதில் மாட்டிக்கொள்வார்கள். வயர்கார்டு அந்தப் பெயரை டனல் எழும்பும்போது ஒரே ஒருமுறைதான் முகவரியாக மாற்றிக்கொள்கிறது. கர்னலுக்குப் போவது எண்கள் மட்டுமே. பெயர் அங்கே தெரியாது. அதன் பிறகு அந்தப் பெயர் எங்கே போனாலும் ஓடிக்கொண்டிருக்கும் டனல் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். அதனால் கோப்பில் இருக்கும் பெயரைப் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. `wg show` காட்டும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். டனலை அணைத்து எழுப்பினால் புது முகவரி வந்துவிடும். ஆளில்லாமல் ஓடும் இயந்திரம் என்றால், வயர்கார்டு கருவிகளோடு வரும் `reresolve-dns.sh` என்ற சிறு நிரலை அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி வைக்கலாம். கடைசி ஹேண்ட்ஷேக் 135 விநாடிக்கு மேல் பழையதாகிவிட்டால் அது பெயரை மறுபடியும் தேடி, முகவரியைப் புதுப்பித்துவிடும்.

திண்டுக்கல்லில் முகவரியை மாற்றினார்கள். சர்வரில் திரை இன்னும் வெறுமைதான்.

இப்போது சந்தேகம் வழியின் மேல் விழுகிறது. வயர்கார்டு யுடிபி வழியில் மட்டுமே பேசும், டிசிபி அதற்குத் தெரியாது. ரவுட்டரில் வெளியிலிருந்து 51820 போர்ட்டுக்கு வருவதை 192.168.1.10க்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் விதி இருக்க வேண்டும். அதில் நெறிமுறை யுடிபி என்று தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். பல ரவுட்டர் பக்கங்களில் அந்தப் பெட்டி முதலிலேயே டிசிபி என்று நிரப்பப்பட்டிருக்கும். போர்ட் எண்ணில் கவனம் வைத்து இதைக் கடந்துபோவது மிக எளிது. வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வர் என்றால் அதே தவறு அந்த நிறுவனத்தின் ஃபயர்வால் பக்கத்தில் நடக்கும்.

யுடிபி வழி திறந்திருக்கிறதா என்று சோதிக்கும்போது ஒரு பொறி உண்டு. `nc -uz` போன்ற கட்டளைகள் போர்ட் திறந்திருப்பதாகச் சொன்னால் அதை நம்ப வேண்டாம். டிசிபியில் மறுமுனை பதில் சொல்லித்தான் இணைப்பு உருவாகும், அதனால் சோதனைக்கு அர்த்தம் உண்டு. யுடிபியில், மறுப்பு என்று ஏதும் திரும்பி வராவிட்டால் அந்தக் கருவி "திறந்திருக்கிறது" என்று முடிவு கட்டிவிடுகிறது. வழியில் ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்கியிருந்தாலும் அதே முடிவுதான். வயர்கார்டோ நல்ல நாளிலேயே அந்நியப் பாக்கெட்டுக்குப் பதில் தராது. நம்பத் தகுந்த சோதனை ஒன்றுதான்: ஒரு முனையில் அனுப்பி, மறுமுனையில் வந்ததைக் கண்ணால் பார்ப்பது. மடிக்கணினியிலிருந்து இப்படி அனுப்பலாம்:

```
echo vanakkam | nc -u -w1 203.0.113.61 51820
```

சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் `tcpdump` திரையில் `UDP, length 9` என்று ஒரு வரி தோன்றினால் வழி திறந்திருக்கிறது. எட்டு எழுத்தும் ஒரு வரி முடிவும் சேர்ந்து 9 பைட். இந்தச் சோதனைக்கு வயர்கார்டே தேவையில்லை என்பதால், சாவிக் குழப்பம் எதுவும் இதில் கலக்காது. அனுப்பும் மடிக்கணினி அலுவலக வைஃபையில் இருக்கக் கூடாது என்பது மட்டும் முக்கியம். உள்ளிருந்துகொண்டே தன் பொது முகவரியைத் தட்டினால் திருப்பிவிடத் தெரியாத ரவுட்டர்கள் உண்டு. கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைந்துகொண்டு சோதிப்பதே சரி.

மதுரை ரவுட்டரில் விதி டிசிபி என்றுதான் இருந்தது. யுடிபி என்று மாற்றியதும் சர்வர் திரையில் முதல்முறையாக உயிர் வந்தது:

```
IP 198.51.100.77.41287 > 192.168.1.10.51820: UDP, length 148
IP 198.51.100.77.41287 > 192.168.1.10.51820: UDP, length 148
```

148 வருகிறது, 92 புறப்படவில்லை. இப்போது பழுது சர்வருக்குள் இருக்கிறது. ஆனால் இன்னும் சாவிமேல் பழிபோட அவசரப்படக் கூடாது. `tcpdump` வரும் பாக்கெட்டை நெட்வொர்க் கார்டை ஒட்டியே பார்த்துவிடுகிறது. சர்வரின் சொந்த ஃபயர்வால் அதற்கு அடுத்துத்தான் நிற்கிறது. ஆகவே திரையில் தெரியும் 148 வயர்கார்டு வரை போகாமலே மடிந்திருக்கலாம். உபுண்டுவில் `sudo ufw status` பார்த்து, விதி இல்லாவிட்டால் `sudo ufw allow 51820/udp` கொடுக்க வேண்டும். அதோடு `sudo wg show wg0 listen-port` என்று கேட்டு, சர்வர் உண்மையில் 51820இல்தான் காத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கோப்பில் `ListenPort` வரி விட்டுப்போயிருந்தால் வயர்கார்டு ஏதோ ஒரு போர்ட்டைத் தானே எடுத்துக்கொள்ளும். `ss -lunp` கொடுத்துப் பார்ப்பவர்கள், அந்தப் போர்ட்டுக்கு எதிரே எந்த நிரலின் பெயரும் இல்லையே என்று கலங்க வேண்டாம். கர்னலே அதைக் கையில் வைத்திருப்பதால் பெயர் வராது. மதுரையில் இவை இரண்டும் சரியாக இருந்தன.

மிச்சம் இருப்பது சாவிகள். ஒவ்வொரு முனைக்கும் ஒரு ரகசியச் சாவியும் அதிலிருந்து பிறக்கும் பொதுச் சாவியும் உண்டு. ரகசியச் சாவி அந்தக் கணினியை விட்டு வெளியே போவதில்லை. பொதுச் சாவியை எதிர்முனையின் `[Peer]` பகுதியில் எழுதுகிறோம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். 44 எழுத்துகள், கடைசியில் `=` குறி. ரகசியச் சாவியைப் பொதுச் சாவி இடத்தில் ஒட்டினாலும் வயர்கார்டு முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும், ஏனென்றால் அதற்கும் வித்தியாசம் தெரிய வழியில்லை. தன் சொந்தப் பொதுச் சாவியையே பியர் என்று எழுதிவிட்டால் இன்னும் விசித்திரம். லினக்ஸில் அந்தப் பியர் சத்தமில்லாமல் புறக்கணிக்கப்படும். கோப்பில் இருக்கும், `wg show` பட்டியலில் இருக்காது.

அதனால் கோப்புகளை ஒப்பிடுவதைவிட, ஓடிக்கொண்டிருக்கும் டனலிடமே கேட்பது நல்லது. இரு கணினிகளிலும் இந்த இரண்டையும் ஓட்ட வேண்டும்:

```
sudo wg show wg0 public-key
sudo wg show wg0 peers
```

முதல் வரி, இப்போது பயன்பாட்டில் இருக்கும் ரகசியச் சாவியிலிருந்து பிறக்கும் பொதுச் சாவியைத் தருகிறது. இரண்டாவது, இந்தக் கணினி யாரையெல்லாம் அடையாளம் தெரிந்து வைத்திருக்கிறது என்று சொல்கிறது. சர்வரின் முதல் வரி மடிக்கணினியின் இரண்டாவதில் இருக்க வேண்டும், மடிக்கணினியின் முதல் வரி சர்வரின் இரண்டாவதில் இருக்க வேண்டும். குறுக்காக ஒப்பிட வேண்டும் என்பதை மறந்து, ஒரே கணினியின் இரண்டு வரிகளையும் சமமாக்கிவிடுகிறவர்களும் உண்டு. கோப்பைத் திருத்தினால் மட்டும் ஓடும் டனல் மாறிவிடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அணைத்து எழுப்ப வேண்டும்.

எந்தச் சாவி தவறு என்று சர்வரிடமே கேட்கவும் ஒரு வழி இருக்கிறது. வெளியே மௌனம் காக்கும் வயர்கார்டு, கர்னலின் உள்குறிப்புகளில் பேசும், பேசச் சொன்னால்:

```
echo 'module wireguard +p' | sudo tee /sys/kernel/debug/dynamic_debug/control
sudo dmesg -wH
```

இதில் `Invalid MAC of handshake` என்று வந்தால் மடிக்கணினி வைத்திருக்கும் சர்வரின் பொதுச் சாவி தவறு. முதல் பாக்கெட்டின் மேலுறையிலேயே, அது எந்தச் சர்வருக்கானது என்பதற்கான முத்திரை அந்தப் பொதுச் சாவியைக் கொண்டு இடப்படுகிறது. அது பொருந்தாவிட்டால் சர்வர் உறையைப் பிரிப்பதே இல்லை. `Invalid handshake initiation` என்று வந்தால் முத்திரை சரி, ஆனால் உள்ளே இருக்கும் ஆளைச் சர்வருக்குத் தெரியவில்லை. அதாவது சர்வரின் `[Peer]` பகுதியில் மடிக்கணினியின் சாவி இல்லை அல்லது தவறாக இருக்கிறது. பார்த்து முடித்ததும் `+p` என்பதை `-p` ஆக்கி அதே கட்டளையைக் கொடுத்து நிறுத்திவிடலாம்.

மதுரையில் வந்தது முதலாவது. சர்வரை மீண்டும் நிறுவியபோது புதுச் சாவி ஜோடி உருவாக்கியிருந்தார்கள். மடிக்கணினியின் பொதுச் சாவியைக் கவனமாகப் பழைய குறிப்பிலிருந்து எடுத்து எழுதியிருந்தார்கள். சர்வரின் புதுப் பொதுச் சாவியை மடிக்கணினிக்குச் சொல்ல மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அதை மாற்றி எழுப்பிய அடுத்த விநாடியில் 148க்குப் பின்னாலேயே 92 புறப்பட்டது, `latest handshake: 4 seconds ago` என்ற வரி வந்தது.

92 புறப்பட்டும் சேராத நிலை ஒன்று உண்டு, அதற்குச் சர்வரின் கணக்கே சாட்சி சொல்லும். சர்வர் பக்கம் `transfer` வரியில் பெற்றது 148இன் மடங்காகவும் அனுப்பியது 92இன் மடங்காகவும் ஏறிக்கொண்டே போகும். மடிக்கணினியிலோ பெற்றது 0. சர்வர் வந்தவரை அடையாளம் கண்டு பதிலும் அனுப்பிவிட்டது என்று பொருள், ஆகவே பொதுச் சாவிகளை மறந்துவிடலாம். இனி மடிக்கணினியில் `tcpdump` ஓட்ட வேண்டும். 92 அங்கே வரவில்லை என்றால் திரும்பும் வழியில் யாரோ தடுக்கிறார்கள். வந்தும் ஹேண்ட்ஷேக் ஆகவில்லை என்றால் `PresharedKey` வரியைப் பார்க்க வேண்டும். விரும்புகிறவர்கள் கூடுதலாகச் சேர்க்கும் அந்தப் பொது ரகசியம் இரண்டாவது பாக்கெட்டில்தான் கலக்கப்படுகிறது. அதனால் அது பொருந்தாதபோது முதல் பாக்கெட் தடையில்லாமல் ஏற்கப்பட்டு, பதிலைப் பிரிக்கும்போது மடிக்கணினி தோற்றுப்போகும். ஒரு முனையில் அந்த வரி இருந்து மறுமுனையில் விட்டுப்போவதுதான் அடிக்கடி நடப்பது.

சாவிகள் அத்தனையும் சரியாக இருந்தும் `Invalid handshake initiation` வருவதற்கு இன்னொரு காரணம் கடிகாரம். 148 பைட் பாக்கெட்டுக்குள் அனுப்பிய நேரமும் பூட்டப்பட்டிருக்கும். பழைய பாக்கெட்டைப் பிடித்துவைத்து யாராவது மறுபடி அனுப்பி ஏமாற்றாமல் இருக்க, ஒவ்வொரு பியரிடமிருந்தும் கடைசியாக வந்த நேரத்தைச் சர்வர் நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய நேரத்தோடு வருவதைத் தள்ளிவிடும். ராஸ்பெரி பை போன்ற சின்னக் கணினிகளில் மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் பெரும்பாலும் இருப்பதில்லை. மின்வெட்டுக்குப் பின் எழும்போது அவற்றின் நேரம் பின்னால் இருக்கும், இணையத்திலிருந்து சரியான நேரம் கிடைக்கும்வரை ஹேண்ட்ஷேக் நடக்காது. நேரத்தைக் கேட்கும் பாக்கெட்டையே டனல் வழியாக அனுப்பும்படி அமைத்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்றுவிடும். அங்கே `date` கொடுத்துப் பார்ப்பது பத்து விநாடி வேலை. அதைச் செய்யாமல் சாவிகளைத் திரும்பத் திரும்ப உருவாக்கிக்கொண்டிருந்தால் ஒரு நாள் போய்விடும்.

மதுரை அலுவலகத்துக்கு உண்மையான பொது முகவரி கிடைத்தது அதிர்ஷ்டம். இந்தியாவில் பல வீட்டு, சிறு அலுவலக இணைப்புகளுக்கு அது கிடைப்பதில்லை. ஐபிவி4 முகவரிகள் போதாததால், நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. சிஜிநாட் என்று இதைச் சொல்வார்கள். கண்டுபிடிப்பது எளிது. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் வேன் முகவரி என்று இருப்பதையும் `ifconfig.me` சொல்வதையும் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் வேறுவேறாக இருந்தால் நடுவில் இன்னொரு மாற்றி நிற்கிறது. வேன் முகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம், 2012இல் அந்தத் தொகுதி இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. இந்த நிலையில் ரவுட்டரில் எவ்வளவு அழகாக விதி எழுதினாலும் 148 வந்து சேராது. அதைத் திருப்பிவிட வேண்டிய இயந்திரம் நிறுவனத்திடம் இருக்கிறது. நிலையான முகவரி கேட்டு வாங்கலாம். இரு முனையிலும் ஐபிவி6 இருந்தால், ரவுட்டரில் அதற்கும் யுடிபி அனுமதி கொடுத்துவிட்டு, `Endpoint` வரியில் அந்த முகவரியைச் சதுர அடைப்புக்குள் எழுதலாம். இரண்டும் முடியாவிட்டால், பொது முகவரி உள்ள சிறு கிளவுட் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அலுவலகமும் மடிக்கணினியும் அதைத் தேடிப் போய்ச் சந்திக்கும்படி அமைப்பதுதான் வழி. என் கணிப்பில் சிறு அலுவலகங்களுக்குக் கடைசி வழியே தொல்லை குறைந்தது.

அப்படி அமைக்கும்போது அலுவலகச் சர்வரின் `[Peer]` பகுதியில் `PersistentKeepalive = 25` என்ற வரி அவசியம். ரவுட்டர்கள் யுடிபிப் போக்குவரத்தை நினைவில் வைத்திருக்கும் காலம் சொற்பம். சிறிது நேரம் பேச்சில்லாவிட்டால் திரும்பி வரும் வழியை மறந்துவிடும். 25 விநாடிக்கு ஒருமுறை போகும் 32 பைட் வெற்றுப் பாக்கெட் அந்த வழியை மூடவிடாமல் வைத்திருக்கும். காலையில் ஒழுங்காக இருந்து, கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் வெளியிலிருந்து எட்ட முடியாமல் போகிறது, அலுவலகத்திலிருந்து ஒரு பிங் போனதும் உயிர்பெறுகிறது என்றால் அநேகமாக இந்த வரிதான் விட்டுப்போயிருக்கும்.

எல்லாம் சரியாக இருந்து, குறிப்பிட்ட ஒரு விடுதியிலோ கல்லூரி வளாகத்திலோ மட்டும் 148 வெளியேறாவிட்டால் அந்த இடத்தின் நெட்வொர்க் யுடிபியை மறிக்கிறது. கைபேசி ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினால் உடனே தெரிந்துவிடும். சர்வரை 443 போர்ட்டுக்கு மாற்றிப் பார்க்கலாம். இன்றைய உலாவிகள் க்விக் நெறிமுறைக்காக யுடிபி 443ஐப் பயன்படுத்துவதால் அதைப் பல இடங்களில் திறந்து வைத்திருக்கிறார்கள். போர்ட் எதுவானாலும் பாக்கெட்டின் வடிவத்தைப் பார்த்து மறிக்கும் நெட்வொர்க்குகளில் இது பலிக்காது. வயர்கார்டின் முதல் பாக்கெட் எப்போதும் ஒரே அளவு, ஒரே தொடக்கம் என்பதால் அதை அடையாளம் காண்பது சுலபம். தன்னை மறைத்துக்கொள்வதற்காக அது வடிவமைக்கப்படவில்லை.

ஹேண்ட்ஷேக் வந்த பிறகும் 10.8.0.1ஐ எட்ட முடியவில்லை என்றால் இங்கே சொன்ன எதையும் மறுபடி தொட வேண்டியதில்லை. சாவி, முகவரி, யுடிபி வழி மூன்றும் சரி என்பதற்கு அந்த ஒரு வரியே சான்று. அடுத்துப் பார்க்க வேண்டியவை இரு முனைகளிலும் உள்ள `AllowedIPs` வரிகளும், டனலுக்குள் வருவதைச் சர்வரின் ஃபயர்வால் அனுமதிக்கிறதா என்பதும். சர்வரைத் தாண்டி அலுவலகத்தின் மற்றக் கணினிகளை எட்ட வேண்டுமானால் `net.ipv4.ip_forward` என்ற அமைப்பு 1 ஆக இருக்க வேண்டும்.